நேரம் தவறாத ஊழியர்

இந்த மாநிலத்தில் எடுத்த வேலையை முடிக்காமல் எழுந்து போகாத ஊழியர் ஒருவர் இருக்கிறார். டீ குடிக்கப் போகமாட்டார். நாளைக்கு வா என்று சொல்லமாட்டார். மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருக்கமாட்டார். லஞ்சம் வாங்கமாட்டார். சாதி பார்க்கமாட்டார் என்றும் எழுத வந்தேன். கருணாபுரத்தை நினைத்துப் பேனாவை நிறுத்திக்கொண்டேன். அவர் பெயர் மெத்தனால்.

கருணாபுரம் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏதோ மலைக்கு அந்தப் பக்கம், ஜீப் போகாத காட்டுக்குள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரம். 2024 ஜூன் 18, 19 தேதிகளில் அங்கே பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். கணக்கு 60ஐத் தாண்டியது. பெண்களும் அதில் உண்டு. தாயையும் தகப்பனையும் சேர்த்தே பறிகொடுத்த பிள்ளைகளும் உண்டு. அதற்குச் சுமார் ஒரு வருஷம் முன்னால், 2023 மே மாதம், மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டவர்கள் இதே மெத்தனாலால்தான் செத்தார்கள். அப்போதும் தலைக்கு 10 லட்சம் நிவாரணம். அப்போதும் இரும்புக்கரம். அந்தக் கரம் எந்த ஊர் வொர்க்ஷாப்பில் கிடக்கிறதோ, ஒரு வருஷத்தில் துருப்பிடித்துவிட்டது.

கள்ளக்குறிச்சியில் முதல் சாவுகள் விழுந்தபோது மாவட்ட நிர்வாகம் என்ன சொன்னது என்பது ஊருக்கே தெரியும். இதற்குக் காரணம் கள்ளச்சாராயம் இல்லை, ஒருவருக்கு வயிற்றுக் கோளாறு, ஒருவருக்கு வலிப்பு என்கிற ரீதியில் விளக்கம் வந்தது. ஒரே தெருவில், ஒரே இரவில், ஒருவருக்கொருவர் சொல்லிவைத்தாற்போல வயிற்றுவலி. தமிழ்நாட்டு வயிறுகளுக்குள் இப்படியொரு ஒற்றுமை இருப்பது அன்றுவரை யாருக்கும் தெரியாது. பிற்பாடு அந்த மாவட்டத்தின் ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதெல்லாம் சாவுகள் விழுந்த பிறகு. நான் பேச வந்தது அந்த விளக்கத்துக்கும் நம்முடைய நேரம் தவறாத ஊழியருக்கும் இடையில் நடந்த ஓட்டப்பந்தயத்தைப் பற்றி. அதைப் புரிந்துகொள்ள ஈரலுக்குள் ஒரு நடை போய்வர வேண்டும்.

ஈரலில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார். மருத்துவப் பெயர் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ். அது ஒரு நொதி. மேஜைக்கு வருகிற எந்தச் சாராயக் கோப்பையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அடுத்த மேஜைக்குத் தள்ளுவதுதான் வேலை. டாஸ்மாக் சரக்கில் இருக்கிற எத்தனால் வந்தாலும் கையெழுத்து, பெயிண்டுக்கும் தின்னருக்கும் போகவேண்டிய மெத்தனால் வந்தாலும் கையெழுத்து. எத்தனால் கோப்பு கடைசியில் வினிகர் மாதிரி ஒரு சாதுவான பொருளாகி உடம்பில் கரைந்துவிடும். மெத்தனால் கோப்பு முதல் மேஜையில் ஃபார்மால்டிஹைடு ஆகும். பிணத்தைக் கெடாமல் வைக்க ஊற்றுவார்களே, அந்த வகையறா. அடுத்த மேஜையில் ஃபார்மிக் அமிலம் ஆகும். எறும்பு கடித்தால் சுரீரென்கிறதே, அந்த அமிலம்தான். எறும்பு ஒரு துளிக்கும் குறைவாக வைக்கிறது. நம் சாராய வியாபாரி அதைத் தயாரிக்கிற மூலப்பொருளைப் பாக்கெட்டில் நிரப்பி விற்கிறான்.

ஆக, மெத்தனால் மெத்தனாலாக இருக்கிறவரை பெரிய கெடுதல் செய்வதில்லை. லேசான போதை, அவ்வளவுதான். ஃபார்மிக் அமிலம் சேரச்சேரத்தான் வினை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கிற இடத்தில் போய் அது உட்கார்ந்துகொள்கிறது. மூக்கு மூச்சை இழுக்கிறது, நுரையீரல் நன்றாக இருக்கிறது, ரத்தத்திலும் ஆக்சிஜன் இருக்கிறது. செல்லுக்கு மட்டும் அதைப் பயன்படுத்த வழியில்லை. சக்தி அதிகம் வேண்டிய இடங்கள் முதலில் அடிவாங்கும். அதில் முதல் வரிசையில் இருப்பது கண் நரம்பு.

இந்த அமிலம் சேர நேரம் பிடிக்கும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம். கூடவே நல்ல சாராயமும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும், இரண்டு மூன்று நாள்வரைகூட. ஏனென்றால் குமாஸ்தாவுக்கு எத்தனால் மேல்தான் ஆசை. இரண்டு கோப்பும் சேர்ந்து வந்தால் எத்தனாலை முதலில் எடுப்பார், மெத்தனாலை ஓரமாக வைப்பார். குடித்தவன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மீசையை முறுக்குவான். கோப்பு தொலைந்துபோகவில்லை ஐயா, வரிசையில் நிற்கிறது.

இந்த இடைவெளிதான் உயிர்பிழைக்க மனிதனுக்குக் கிடைக்கிற அவகாசம். விஷம் தானாக முன்வந்து தருகிற கருணைக் காலம் என்றே சொல்லலாம். அதை நாம் எப்படிச் செலவழிக்கிறோம் என்று பார்ப்போம். ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். எந்தத் தெருவிலும் இருக்கக்கூடியவர். வயது நாற்பத்தைந்து, மூட்டை தூக்குகிறவர். சாயங்காலம் ஆனால் உடம்புவலிக்கு ஏதாவது வேண்டும். டாஸ்மாக்கில் ஆகக் குறைந்த குவார்ட்டருக்கே நூறு ரூபாய்க்கு மேல் எண்ணிவைக்க வேண்டும். பாக்கெட் அதில் பாதிகூட இல்லை. குடியை ஒழிக்க விலையை ஏற்றுகிறோம் என்று மேடையில் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் போட்டுப் பார்த்துவிட்டார்.

ராத்திரி ஏழு மணி. இரண்டு பாக்கெட். வாசனையில் வித்தியாசம் தெரியாது, தெரியவும் வழியில்லை. பற்றவைத்துப் பார்த்தால் நீலமாக எரிந்தது, அதனால் நல்ல சரக்கு என்று சொல்கிற நிபுணர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. இரண்டுமே நீலமாகத்தான் எரியும். தீக்குச்சிக்குத் தெரியாத ரகசியத்தை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். ஒரு பாக்கெட்டில் எவ்வளவு கலந்தது என்று கலந்தவனுக்கே தெரியாது. சுத்த மெத்தனால் ஒரு வாய், அதாவது 10 மில்லியே கண்ணைப் பறித்திருக்கிறது. 30 மில்லி உயிரைப் பறிக்கப் போதும். ஆளுக்கு ஆள் அளவு மாறும். அதனால்தான் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தவன் எழுந்து நடக்கிறான் என்பது யாருக்கும் சான்றிதழ் ஆகாது.

காலை ஆறு மணி. தலைவலி. வாய் கசப்பு. லேசான கிறுகிறுப்பு. குடிக்கிற எவனுக்கும் பழக்கமான காலைதான். மெத்தனாலின் மிகப் பெரிய கெட்டிக்காரத்தனம் இதுதான்: அது ஹேங்ஓவரின் சட்டையை மாட்டிக்கொண்டு வரும். வித்தியாசம் என்னவென்றால் ஹேங்ஓவர் மத்தியானத்துக்குள் குறையும், இது ஏறும். நம்மாள் என்ன செய்கிறார்? தெளிய வேண்டுமே என்று காலையிலேயே இன்னொரு பாக்கெட் வாங்குகிறார். கருணாபுரத்தில் இதைவிடக் கொடுமை நடந்தது. சாவு விழுந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனவர்கள், எது அந்தச் சாவைக் கொண்டுவந்ததோ அதையே வாங்கிக் குடித்தார்கள். எழவு வீட்டில் சாராயம் ஓடுவது நம் வழக்கம். செத்தவனைக் கொன்றது அந்தச் சாராயம்தான் என்று உரக்கச் சொல்லவேண்டியவர்கள் அப்போது வயிற்றுவலியைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள்.

பத்து மணி. வாந்தி. அடிவயிற்றைப் பிசைகிற வலி. பொண்டாட்டி மோர் கரைத்துக் கொடுக்கிறாள், எலுமிச்சம்பழம் பிழிகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் உப்புத்தண்ணீரை ஊற்றி வாந்தி எடுக்கவைக்கச் சொல்கிறார். ராத்திரியே ரத்தத்தில் கலந்துவிட்ட விஷத்தைக் காலையில் வாந்தி எடுக்கவைத்து எப்படி வெளியே கொண்டுவருவது? மோர் எந்த அமிலத்தை முறிக்கும்? புரையேறி நுரையீரலுக்குள் போனால் அது ஒரு கூடுதல் ஆபத்து. தெருமுனை கிளினிக்கில் கேஸ் டிரபிள் என்று ஒரு ஊசி போட்டு அனுப்புகிறார்கள். அவர்களை மட்டும் குறைசொல்ல மாட்டேன். போலீஸ் வந்துவிடுமோ என்ற பயத்தில் குடித்த விஷயத்தை வீட்டில் யாரும் சொல்லவில்லை. "வவுத்து வலிங்க டாக்டர், நேத்து பிரியாணி சாப்ட்டாரு." பழி பிரியாணிமேல் விழுகிறது. அரசாங்கமே வயிற்றுவலி என்று சொல்லும்போது அந்தப் பெண் மட்டும் ஏன் உண்மை சொல்லவேண்டும்?

இந்தப் பத்து மணிக்கு அவர் மாவட்ட மருத்துவமனையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். கள்ளச்சாராயம் குடித்தார் என்ற ஒரு வார்த்தை போதும். மெத்தனால் அளவைச் சோதிக்கும் வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது, அதற்காகக் காத்திருக்கவும் மாட்டார்கள். ரத்தத்தில் அமிலம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒரு ரத்தவாயுப் பரிசோதனை, சில நிமிடத்தில் முடிவு வரும். ஏறியிருந்தால் நரம்பு வழியாக பைகார்பனேட். அடுத்து, அந்தக் குமாஸ்தாவின் நாற்காலியைப் பூட்டவேண்டும். அதற்கென்றே ஃபோமெபிசோல் என்று ஒரு ஊசிமருந்து இருக்கிறது; அது போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டால் மெத்தனால் கோப்பில் கையெழுத்து விழாது, அமிலம் மேற்கொண்டு உண்டாகாது. அது கிடைக்காவிட்டால் எத்தனாலையே மருந்தாகக் கொடுத்துக் குமாஸ்தாவைத் திசைதிருப்புவதும் உண்டு. கையெழுத்து விழாத மெத்தனால் உடம்பில் அப்படியே கிடக்கும், தானாக வெளியேற நாள்கணக்காகும். அதையும் ஏற்கெனவே உண்டான அமிலத்தையும் சேர்த்து வெளியே இழுப்பதற்கு டயாலிசிஸ். மொத்தத்தில் அவ்வளவுதான் வைத்தியம். மாயமந்திரம் ஏதுமில்லை. சீக்கிரம் போனவனுக்கு வேலை செய்யும்.

எத்தனால் மருந்து என்று படித்தவுடன் சிலர் முகத்தில் ஒரு பிரகாசம் வருவது எனக்குத் தெரிகிறது. உட்காருங்கள். ஆஸ்பத்திரியில் அதை ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்து, மணிக்கணக்கில், ஆள் பக்கத்தில் நின்று கொடுப்பார்கள். ஏற்கெனவே சேர்ந்த அமிலத்தை அது ஒன்றும் செய்யாது. வீட்டில் ஒரு குவார்ட்டரை ஊற்றிப் படுக்கவைத்தால் ஆள் தூங்குவான், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நேரமும் அவனோடு சேர்ந்து தூங்கிவிடும்.

ஃபோமெபிசோலுக்கும் நம் அரசியலில் ஒரு அத்தியாயம் கிடைத்தது. அந்த மருந்து கையிருப்பில் இருந்ததா இல்லையா என்று கேட்கவேண்டிய நேரத்தில், பேசியது ஃபோமெபிசோலா, அல்சருக்குக் கொடுக்கிற ஓமிப்ரசோலா என்று ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் மாறிமாறிப் பேட்டி கொடுத்தன. உச்சரிப்புப் போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்பது நினைவில்லை. தோற்றவர்கள் ஜிப்மரிலும் சேலத்திலும் விழுப்புரத்திலும் கட்டிலில் கிடந்தார்கள்.

நம்மாளுக்கு இப்போது மத்தியானம் பன்னிரண்டு. வெளியே உச்சி வெயில். "ஏன்டி, வெளியில பனி பெய்யுதா? எல்லாம் வெள்ளையா தெரியுது." ஜூன் மாசத்தில் கள்ளக்குறிச்சியில் பனி. மெத்தனால் வந்துவிட்டது என்று அது தன் கையெழுத்தைப் போட்டுச் சொல்கிற இடம் இதுதான். கண்முன்னே புகைமூட்டம், வெண்மை, வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், டியூப்லைட்டைச் சுற்றி வட்டம், ஆள் முகம் தெரியாமல் நிழலாகத் தெரிவது. குடித்த மறுநாள் வாந்தியோடு பார்வை மங்கினால் வேறு எந்த வியாதியையும் யோசிக்கவேண்டியதில்லை. அந்த நிமிஷமே 108. உண்மையில் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. கண் நரம்பு அடிவாங்கிய பிறகு உயிரைக் காப்பாற்றினாலும் பார்வை திரும்பும் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லமாட்டார். அவரோடு சேர்ந்து அதே சரக்கைக் குடித்த மற்ற நாலு பேரையும், அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தாலும், அதே வண்டியில் ஏற்றவேண்டும். காலி பாக்கெட் கிடந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளலாம்.

நம் கதையில் யாரும் ஏற்றவில்லை. கொஞ்சம் படுத்தால் சரியாகும் என்று படுக்கவைத்தார்கள். மூன்று மணிக்கு மூச்சு மாறியது. ஓடிவந்தவன் மாதிரி ஆழமாக, வேகவேகமாக இழுக்கிறார். பார்ப்பவர்கள் ஆஸ்துமா என்றார்கள். ரத்தத்தில் ஏறிய அமிலத்தை மூச்சுவழியாக ஊதி வெளியே தள்ள உடம்பு செய்கிற கடைசி முயற்சி அது. டாக்டர் நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் நுரையீரல் சுத்தமாகக் கேட்கும், அப்புறம் ஏன் இந்த மூச்சு என்று அவர் யோசிக்கவேண்டிய இடம். இதற்கு அடுத்த படி வலிப்பு. அதற்கும் அடுத்தது நினைவிழப்பு. அந்த நிலையில் வந்துசேருகிறவர்களில் பலரை ஃபோமெபிசோலும் டயாலிசிஸும் சேர்ந்தும் திருப்பிக் கொண்டுவர முடிவதில்லை.

ராத்திரி ஏழிலிருந்து மறுநாள் மூன்றுவரை, இருபது மணி நேரம். விஷம் ஒவ்வொரு மணிக்கும் ஒரு அறிவிப்புக் கொடுத்துக்கொண்டே வந்தது. இதைவிடப் பொறுமையான கொலைகாரனை நான் பார்த்ததில்லை. இந்த இருபது மணி நேரத்தில் ஒரே ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி, "நேற்றும் இன்றும் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் எல்லோரும், உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும், உடனே ஜி.ஹெச்.சுக்கு வாருங்கள், கேஸ் கிடையாது, போலீஸ் கிடையாது" என்று தெருத்தெருவாகச் சொல்லியிருந்தால் போதும். ஓட்டுக் கேட்க வரும்போது அந்தச் சந்துக்குள் எத்தனை ஆட்டோ நுழைந்தது? வண்டி போகாத சந்து என்று அப்போது யாரும் சொல்லவில்லையே. அதற்குப் பதிலாக மறுப்பு வந்தது. மறுப்பு என்பது அதிகாரிக்கு ஒரு வாக்கியம். பாயில் படுத்திருந்தவனுக்கு அது மருத்துவ ஆலோசனை: "அரசாங்கமே சாராயம் இல்லைன்னு சொல்லுதாம், பேசாம படு."

மெத்தனால் என்ன, வேலியோரம் தானாக முளைத்ததா? வெல்லத்தையும் பட்டையையும் ஊறவைத்துக் காய்ச்சினால் இத்தனை பேரைக் கொல்கிற அளவுக்கு அது ஊறிவராது. யாரோ தொழிற்சாலைச் சரக்கை வெளியே எடுத்து, யாரோ வண்டியில் ஏற்றி, யாரோ தண்ணீர் கலந்து பாக்கெட் போட்டால்தான் உண்டு. அதை வைத்திருக்கவும் விற்கவும் தமிழ்நாட்டில் உரிமம் வேண்டும், கணக்கு வேண்டும். கணக்குப் புத்தகம் இருக்கிறது. ஆய்வு செய்ய அதிகாரி இருக்கிறார். அதிகாரிக்கு வண்டி இருக்கிறது, வண்டிக்கு டீசல் படியும் இருக்கிறது. இத்தனையும் இருக்கும் ஊரில் பீப்பாய் எப்படி நடந்து வந்தது என்று கேட்டால், அதற்கு ஒரு நபர் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். சம்பவம் முடிந்த அதே மாதத்தில் சட்டத்தையும் திருத்தி ஆயுள் தண்டனைவரை கொண்டுபோனார்கள். நல்லது. காய்ச்சுகிறவனுக்கு ஆயுள். கண்ணைமூடிக்கொண்டவனுக்கு இடமாறுதல், மிஞ்சினால் பணியிடை நீக்கம்.

குடிகாரனுக்கு எதற்கு 10 லட்சம் என்று ஒரு கூட்டம் கேட்டது. ஏசி அறையில் உட்கார்ந்து, கையில் கிளாஸோடு கேட்டவர்களும் அதில் உண்டு. அவர்கள் குடிப்பது உரிமம் பெற்ற குடி, பாட்டிலில் லேபிள் இருக்கிறது, அரசுக்கு வருமானம் இருக்கிறது. மூட்டை தூக்குகிறவன் அதே போதையைப் பாதி விலைக்குத் தேடிப்போனால் அவன் ஒழுக்கம் கெட்டவன். ஒழுக்கத்துக்கு எம்ஆர்பி போட்டு விற்கிற ஒரே நாடு இதுவாகத்தான் இருக்கும்.

நம்மாள் பிழைத்தார் என்றே வைத்துக்கொள்வோம். நாலு மணிக்காவது யாரோ ஒரு புண்ணியவான் தூக்கிக்கொண்டு ஓடினான். இரண்டு நாள் டயாலிசிஸ், பத்து நாள் கட்டில். சிகிச்சையில் இருந்தவர்களுக்கு அரசு அறிவித்த 50,000 ரூபாய்க்கு அவரும் தகுதியானவர். பொண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வருகிறார். உண்மையான நாற்காலி, உண்மையான குமாஸ்தா. படிவத்தை மேஜைமேல் திருப்பிப் போட்டு, பேனாவை அவர் பக்கம் தள்ளி, தலை நிமிராமல் விரலை வைத்துக் காட்டுகிறார்.

"இங்க ஒரு கையெழுத்து."

"எங்கங்கய்யா?"

"இங்கதான்யா, கட்டம் போட்டிருக்கே, தெரியல?"